பதிலைக் கேட்கும் முன் கேள்வியை எழுதிவிடுங்கள்

கருத்தரங்கக் கேள்வி நேரத்தின் ஒலிப்பதிவைச் சுருக்கும்போது, கேள்வி முடிந்த இடத்திலேயே பதிவை நிறுத்தி, அதிலுள்ள ஆட்சேபத்தை நிமிடக் குறிப்புடன் ஒரே வாக்கியத்தில் எழுதிய பிறகே பதிலைக் கேளுங்கள். பதிலையும் கேட்டுவிட்டு எழுதினால், கேள்வி நம்மை அறியாமலேயே பதிலுக்கு ஏற்ற வடிவம் பெற்றுவிடும். பேச்சாளர் கேள்வியைத் தமக்கு வசதியாக மாற்றிச் சொல்லியிருந்தால், அந்த மாற்றமும் சுருக்கத்தில் மறைந்துபோகும்.

தாமிரபரணி நீரில் உள்ள உலோகங்களைப் பற்றிய ஓர் உரையை எடுத்துக்கொள்வோம். "மாதிரிகள் அனைத்தும் வடகிழக்குப் பருவமழையில், ஆறு பெருகி ஓடும்போது எடுக்கப்பட்டவை, நீர் குறைந்த கோடையில் செறிவு கூடாதா?" என்று ஒருவர் கேட்க, கருவி முறையாக அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்று பேச்சாளர் விளக்குகிறார் என்றால், அது அளவீட்டின் துல்லியத்திற்கான பதிலே தவிர, பருவத்தைப் பற்றிய ஆட்சேபத்திற்கானது அன்று. ஆகவே ஆட்சேபத்தின் கீழ் அவர் சொன்னதை அப்படியே எழுதி, "கோடை மாதிரி பற்றிப் பதில் இல்லை" என்று சேர்க்க வேண்டும். "கோடையிலும் எடுக்கவிருக்கிறோம்" என்று அவர் சொல்லியிருந்தாலும் அது திட்டம்தான், பதில் ஆகாது.

கேட்டவர் ஒலிவாங்கி இல்லாமல் பேசியிருந்தால் இம்முறை உதவாது (நம் ஊர் அரங்குகளில் இது வாடிக்கைதான்). அப்போது பேச்சாளர் திருப்பிச் சொன்ன கேள்வியையே எடுத்துக்கொண்டு, "பேச்சாளர் கூற்றின்படி" என்று குறிக்கவும்.