இயல் மடக்கையைக் கையால் போடும்போது கணக்கு எங்கே பிசகுகிறது

ln 7-இன் மதிப்பை நான்கு தசம இடத்துக்குச் சரியாகக் கையால் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விடை 1.9459 என்று வர வேண்டும். கையில் தாளும் பேனாவும் மட்டும்தான். பெரும்பாலானோர் முதலில் எடுப்பது பாடப்புத்தகத்தில் வரும் இந்தத் தொடரைத்தான்:

```
ln(1+x) = x − x²/2 + x³/3 − x⁴/4 + …
```

1668-இல் நிக்கோலஸ் மெர்க்கேட்டர் வெளியிட்ட தொடர் இது. (உலகப்பட மெர்க்கேட்டர் வேறு ஆள், அவர் 1594-லேயே காலமாகிவிட்டார்.)

7 என்பது 1+6. ஆகவே x = 6 என்று போட்டால் 6 − 18 + 72 − 324 என்று போகும். ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. எத்தனை உறுப்பு கூட்டினாலும் எதையும் நெருங்காது. இந்தத் தொடர் x-இன் மதிப்பு −1-ஐவிடப் பெரியதாகவும் 1-ஐ மிஞ்சாமலும் இருந்தால் மட்டுமே ஒருங்கும். இந்தத் தவறு உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதிகம் கெடுதல் செய்வதில்லை.

கெடுதல் செய்வது எல்லைக்குள் இருந்தும் ஊர்ந்து போகும் தொடர்தான். ln 2 வேண்டுமென்று x = 1 போடுகிறோம். விதிப்படி அனுமதி உண்டு. ஆனால் 10 உறுப்பு கூட்டினால் கிடைப்பது 0.6456, உண்மை மதிப்பு 0.6931. இங்கே n உறுப்புக்குப் பின் மிஞ்சும் பிழை ஏறத்தாழ 1/(2n). நான்கு தசம இடம் சரியாக வர சுமார் 10,000 உறுப்புகள் வேண்டும். தொடர் ஒருங்குகிறது என்று தெரிந்துவிட்டால் கணக்கு முடியும் என்று நினைப்பதுதான் இங்கே உள்ள பிழை. ஒருங்கும் வேகம் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். (ஏற்கெனவே 10 உறுப்பு போட்டுவிட்டவர் தாளைக் கிழிக்க வேண்டாம். 9 உறுப்பின் கூடுதல் 0.7456, இதையும் 0.6456-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.6956. ஒரே ஒரு சராசரியில் பிழை 0.0475-இலிருந்து 0.0025-க்கு இறங்கிவிடுகிறது.)

கைக்கணக்குக்கு ஏற்ற தொடர் வேறு. ln(1+z)-இலிருந்து ln(1−z)-ஐக் கழித்தால் இரட்டை அடுக்குகள் எல்லாம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது:

```
z = (y − 1)/(y + 1)
ln y = 2 (z + z³/3 + z⁵/5 + z⁷/7 + …)
```

y எந்த மிகை எண்ணாக இருந்தாலும் z-இன் அளவு 1-க்குள்தான் இருக்கும். இந்த வசதியே அடுத்த தவறுக்கு வழி விடுகிறது: y = 7-ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள். அப்போது z = 6/8 = 3/4. மூன்று உறுப்பு கூட்டினால் 1.8762 வருகிறது, 0.07 குறைவு. நான்கு தசம இடத்துக்கு 14 உறுப்புகள் தேவைப்படும். 0.75-இன் 27-ஆம் அடுக்கு வரை கையால் போட யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆகவே தொடரைத் தொடுவதற்கு முன் எண்ணைச் சுருக்க வேண்டும். 7-ஐ 2-இன் அடுக்கால் வகுத்து 1-க்கு அருகே கொண்டுவருகிறோம். இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. "1-க்கும் 2-க்கும் இடையில் வரும்படி வகு" என்ற பழக்கத்தில் பலர் 4-ஆல் வகுத்து 7/4 எடுப்பார்கள். அதற்கு z = 3/11. மாறாக 8-ஆல் வகுத்தால் 7/8; அதற்கு z = −1/15. மூன்று உறுப்புக்குப் பிறகு முதல் வழியில் பிழை சுமார் 0.00003. இரண்டாவது வழியில் அது 0.000000002-க்கும் கீழே. விடை 1-ஐவிடச் சிறியதாக வந்தால் என்ன, ln-இன் குறி மட்டும்தான் மாறும். சுருக்கிய எண் 0.707-க்கும் 1.414-க்கும் இடையே, அதாவது 1/√2-க்கும் √2-க்கும் இடையே இருக்கட்டும். 2-இன் அடுக்கைச் சரியாகத் தேர்ந்தால் எந்த மிகை எண்ணையும் இந்த இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

அப்படிச் சுருக்கிவிட்டால் எத்தனை உறுப்பு போதும் என்ற கேள்விக்குத் துல்லியமான பதில் உண்டு. z-இன் அளவு 0.1716-ஐத் தாண்டாது. மிக மோசமான எண்ணுக்குக்கூடப் பிழை இதற்குள்தான் இருக்கும்:

```
1 உறுப்பு     0.0035
2 உறுப்பு     0.000061
3 உறுப்பு     0.0000013
4 உறுப்பு     0.00000003
```

பள்ளி மடக்கை அட்டவணையின் நான்கு இலக்கத் துல்லியத்துக்கு மூன்று உறுப்பு தாராளம். இரண்டு உறுப்பு பெரும்பாலும் போதும், ஆனால் எல்லையை ஒட்டிய எண்களில் நான்காம் இலக்கம் ஒன்று தவறலாம். நான்குக்கு மேல் போடுவது ஏழு தசம இடத்துக்கும் மேல் கேட்பவருக்கு மட்டுமே.

ln 7 = 3 ln 2 + ln(7/8). முதலில் ln 2 வேண்டும். அதற்கு z = 1/3. இதைப் போடும்போது இரண்டு பத்தி வைத்துக்கொள்வது மிக முக்கியம். இடப்பக்கம் z-இன் ஒற்றை அடுக்குகள் மட்டும். ஒவ்வொன்றையும் 9-ஆல் வகுத்தால் அடுத்தது கிடைக்கும். வலப்பக்கம் அவற்றை 1, 3, 5, 7 என்று வகுத்த உறுப்புகள்.

```
0.33333333  ÷ 1  = 0.33333333
0.03703704  ÷ 3  = 0.01234568
0.00411523  ÷ 5  = 0.00082305
0.00045725  ÷ 7  = 0.00006532
0.00005081  ÷ 9  = 0.00000565
0.00000565  ÷ 11 = 0.00000051
கூடுதல்            0.34657354
× 2                0.69314708
```

உண்மை மதிப்பு 0.69314718. ஆறு உறுப்பில் பிழை ஏழாம் தசம இடத்தில் ஒன்று.

பத்தியைப் பிரிக்காதவர்கள் வலப்பக்கத்து 0.01234568-ஐயே 9-ஆல் வகுத்து, பிறகு 5-ஆலும் வகுத்துவிடுவார்கள். 3-ஆல் வகுத்தது அடுத்த உறுப்புக்கும் ஒட்டிக்கொண்டு போகும். அப்படிச் செய்தால் விடை 0.6919 என்று வரும். பார்த்தால் நம்பும்படி இருக்கும், உறுப்புகளும் அழகாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் மூன்றாம் தசமத்திலேயே தவறு. கடைசியில் 2-ஆல் பெருக்க மறப்பது இதைவிட நல்ல தவறு. விடை பாதியாகிவிடுவதால் உடனே தெரிந்துவிடும்.

இனி 7/8. இதற்கு இடப்பத்தியை 225-ஆல் வகுத்துக்கொண்டே போனால் போதும்:

```
0.06666667  ÷ 1 = 0.06666667
0.00029630  ÷ 3 = 0.00009877
0.00000132  ÷ 5 = 0.00000026
கூடுதல் × 2       0.13353140
```

z குறை எண் என்பதால் ln(7/8) = −0.13353140. ஆக ln 7 = 2.07944124 − 0.13353140 = 1.94590984. உண்மை மதிப்பு 1.94591015.

மிஞ்சிய 0.0000003 எங்கிருந்து வந்தது? 7/8-இன் தொடரிலிருந்து வரவில்லை. ln 2-இல் இருந்த ஏழாம் இடத்துப் பிழை 3-ஆல் பெருகி வந்திருக்கிறது. சுருக்கும்போது 2-இன் k-ஆம் அடுக்கை எடுத்தால் ln 2-இன் பிழையும் k மடங்காகும். ln 2 = 0.693 என்று மனப்பாடமாகத் தெரிந்ததைப் போட்டுவிட்டு, மறுபக்கம் எட்டு இலக்கத்துக்குத் தொடரைக் கணக்கிடுபவர்களுக்கு விடை 1.9455 என்றுதான் வரும். அங்கே எத்தனை உறுப்பு சேர்த்தாலும் அது மாறாது. y ஆயிரத்தை ஒட்டி இருந்தால் k = 10; அப்போது பத்து மடங்கு.

இடையில் முழுமைப்படுத்துவதும் இதே வகைப் பிழைதான். 1/15-ஐ 0.067 என்று எழுதிவிட்டால் 2z-இலேயே 0.00067 கூடிவிடுகிறது. இரண்டாம் உறுப்பின் மொத்தப் பங்களிப்பே அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் உறுப்பில் நுழைந்த பிழையைப் பின்னால் வரும் உறுப்புகள் சரிசெய்யாது. z-ஐ முடிந்தவரை பின்னமாகவே வைத்திருங்கள். தசமத்துக்கு மாற்றும்போது வேண்டிய இலக்கத்தைவிட இரண்டு இலக்கம் கூடுதலாக எழுதி, கடைசி வரியில் மட்டும் முழுமைப்படுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு விதியைப் பலர் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள்: "விட்ட பிழை அடுத்த உறுப்பைவிடச் சிறியது." உறுப்புகள் அளவில் குறைந்துகொண்டே போய், குறியும் மாறி மாறி வரும்போதுதான் இது செல்லும். x = −1/8 என்று மெர்க்கேட்டர் தொடரில் போட்டால் எல்லா உறுப்பும் ஒரே குறி. மூன்று உறுப்புக்குப் பின் உண்மையான பிழை 0.0000679; அடுத்த உறுப்போ 0.0000610. விதி பொய்த்துவிட்டது. z-தொடரிலும் குறி மாறாது. அதற்குச் சரியான வரம்பு, அடுத்த உறுப்பை (1 − z²)-ஆல் வகுத்தால் கிடைப்பது. அடுத்த உறுப்பு என்னும்போது முன்னால் உள்ள 2-ஐயும் பெருக்கிக்கொள்ள வேண்டும். z = 1/15 என்றால் இந்தத் திருத்தம் ஒன்றுமே இல்லை; z = 3/4 என்றால் அடுத்த உறுப்பைப்போல் 16/7 மடங்கு, இரண்டு மடங்குக்கும் மேல்.

விடையைச் சரிபார்க்க அதே கணக்கைத் திரும்பப் போடுவதில் பலன் குறைவு. அதே ln 2 பிழையும் கூடவே வரும். ln 2-ஐத் தொடாத வழி ஒன்று இருக்கிறது. e² = 7.389056, அதன் மடக்கை சரியாக 2. ஆகவே 7-ஐ 7.389056-ஆல் வகுத்த எண்ணின் மடக்கையை 2-உடன் சேர்த்தால் போதும். z = −0.389056/14.389056 = −0.02703833. முதல் உறுப்பு, 2-ஆல் பெருக்கியபின், −0.05407666, இரண்டாவது −0.00001318. மூன்றாவது எட்டாம் தசம இடத்தில் ஒன்றைக்கூட எட்டாது. இரண்டையும் 2-இலிருந்து குறைத்தால் 1.94591016. முன்பு வந்த 1.94590984-உடன் ஆறு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தினால் இரண்டும் 1.945910. நான்காம் இடத்துக்குள்ளேயே வேறுபட்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ln 2-இன் இலக்கங்களையும் பத்திகள் கலந்துவிட்டனவா என்பதையும்தான்.