துபாய், ஷார்ஜாவில் பள்ளி சேர்க்கை: டியூஷன் ஃபீஸுக்கு மேல் எவ்வளவு வரும்?

போன பிப்ரவரியில் லீவுக்குத் தக்கலை வந்திருந்தபோது தங்கச்சி போனில் இரண்டு பள்ளிகளின் கட்டண விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, ஷார்ஜா அல் நஹ்தாவில் ஃப்ளாட் பார்த்தாயிற்று, பையன் ஏப்ரலில் நான்காம் வகுப்பு. "அண்ணே, இதுல ஒரு பள்ளிக்கூடம் ஆயிரத்து எண்ணூறு திர்ஹம் குறைவு, அதுலயே போட்டுருவோமா?" என்று கேட்டாள். ஒரு நாள் பொறு என்று சொல்லிவிட்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நம் ஊரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பும் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். நம் ஊரில் டியூஷன் என்றால் சாயங்காலம் சார் வீட்டுக்குப் போய்ப் படிப்பது. அங்கே டியூஷன் ஃபீஸ் என்பது பள்ளியில் வகுப்பு நடத்துவதற்கான கட்டணம் மட்டும். பஸ், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும்.

தங்கச்சி காட்டிய முதல் பள்ளியில் டியூஷன் 8,400 திர்ஹம், இரண்டாவதில் 10,200. இரண்டுமே துபாயில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகள். முதல் பள்ளி துபாய்க்குள் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, ஷார்ஜாவிலிருந்து பஸ்ஸுக்கு வருடம் 5,200. இரண்டாவது எல்லைக்குப் பக்கத்தில், பஸ் 3,400. புத்தகம் முதலாவதில் 650, இரண்டாவதில் 500. யூனிஃபார்ம் 480, 350. முதல் பள்ளியில் ஆக்டிவிட்டி, வருடாந்திரக் கட்டணம் என்று 600 தனியாக இருந்தது. இரண்டாவதில் அதை டியூஷனுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கூட்டினால் முதல் பள்ளி 15,330, இரண்டாவது 14,450. குறைவு என்று நினைத்த பள்ளிதான் 880 திர்ஹம் கூடுதல்! இந்த எண்கள் அவர்களுடைய வகுப்புக்கும் அவர்கள் இருக்கும் ஏரியாவுக்கும் உரியவை, உங்களுக்கு வேறாக வரும். ஆனால் பஸ்தான் கணக்கைப் புரட்டிப் போடும் என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் வேன் அண்ணனுக்கு மாதா மாதம் கையில் காசு கொடுப்போம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் நிறுத்திவிடுவோம். அங்கே பஸ் கட்டணம் ஏரியா வாரியாக, பெரும்பாலும் டேர்முக்கு மொத்தமாக. நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் எழுதித் தர வேண்டும் என்று சேரும்போதே கேளுங்கள். போகவோ வரவோ ஒரு வேளை மட்டும் பஸ் போதும் என்றால் பாதிக் கட்டணம் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, பாதிக்கு மேல் வாங்கும் இடங்கள் நிறைய உண்டு. பள்ளியின் விவரத்தில் போட்டிருக்கும் பஸ் கட்டணம் பக்கத்து ஏரியாவுக்கு மட்டுமாக இருக்கலாம். அதனால் உங்கள் கட்டிடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பஸ் வருமா, சீட் இருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள் என்று ஈமெயிலில் பதில் வாங்கிவிடுங்கள். "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் ரூட் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குள் போகும் காலை டிராஃபிக்கில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருட்டோடு எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள். நம் ஆட்களே யாராவது சொந்தக் காரில் நான்கைந்து பிள்ளைகளைக் கொண்டுவிடுகிறேன், பாதிக் காசு போதும் என்பார்கள். அனுமதி இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றுவது அங்கே சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். தயவுசெய்து அதில் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

புத்தகத்துக்கு வருவோம். என்சிஇஆர்டி புத்தகங்களை நாகர்கோவிலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரிய வகுப்புகளுக்கு அது ஓரளவு நடக்கும், ஆனால் பள்ளியிடம் புத்தகப் பட்டியல் வாங்காமல் வாங்கிவிடாதீர்கள். சின்ன வகுப்புகளில் தனியார் பதிப்பகப் புத்தகங்கள்தான் அதிகம், சிலவற்றோடு ஆன்லைன் பயிற்சிக்கான கோட் ஒன்று வரும். அதை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையின் பழைய புத்தகம் கிடைத்தாலும் கோடுக்குத் தனியாகக் காசு கேட்கலாம். அப்புறம் அமீரகத்தில் அரபி கட்டாயப் பாடம், அந்தப் புத்தகத்தை அங்கேதான் வாங்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் தமிழ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை தமிழ் எழுதப் படிக்க வேண்டும் என்று நினைத்தால் வெளி வகுப்புச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

யூனிஃபார்மில் ஜோடி எண்ணிக்கையைப் பாருங்கள். கடைக்காரர் சொல்வது ஒரு செட் விலை, வீட்டுக்கு வேண்டியது குறைந்தது இரண்டு, அதோடு விளையாட்டு உடை, ஹவுஸ் டி-ஷர்ட். பள்ளிப் படிப்புக்கு அமீரகத்தில் வாட் வரி பூஜ்யம், ஆனால் யூனிஃபார்ம், தனியாகக் காசு வாங்கும் ஆக்டிவிட்டி போன்றவற்றுக்கு 5 சதவீதம் உண்டு. அதனால் விலை சொல்லும்போது வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள்.

துபாய் பள்ளி என்றால் கே.எச்.டி.ஏ. என்கிற அரசு அமைப்பின் தளத்தில் பள்ளிவாரியாகக் கட்டண விவரத்தாள் கிடைக்கும். கட்டாயக் கட்டணம் எது, விருப்பக் கட்டணம் எது என்று அதில் பிரித்திருப்பார்கள். ஆஃபீஸில் வாயால் சொல்வதை அதோடு ஒப்பிடுங்கள். சேரும்போது வாங்கும் ரெஜிஸ்ட்ரேஷன் தொகை பிறகு டியூஷனில் கழிந்துவிடும், அதை இரண்டு முறை கூட்டிவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கழியாது, பெரும்பாலும் திரும்பவும் வராது.

தமிழ்நாட்டில் ஜூனில்தான் பள்ளி திறக்கும் என்ற பழக்கத்தில் ஜூனில் போய் இறங்காதீர்கள். அங்கே இந்தியப் பள்ளிகளின் வருடம் ஏப்ரலில் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் கோடை விடுமுறை. ஜூனில் சேர்ந்தால் சில வாரங்களுக்காக முதல் டேர்ம் பஸ் கட்டணம் முழுதும் கேட்கிறார்களா, நாள் கணக்கில் குறைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். செப்டம்பரில் சேர்ந்தாலும் புத்தகம் முழு செட்தான்.

இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு இன்னும் மாறும். இரண்டாவது பிள்ளைக்குத் தள்ளுபடி என்பார்கள், அது பெரும்பாலும் டியூஷனில் மட்டும், பஸ்ஸில் இல்லை. தங்கச்சி தன் சின்ன மகளையும் அதே கட்டணத்தில் சேர்ப்பதாக வைத்துப் பார்த்தோம். முதல் பள்ளி 10 சதவீதம் குறைத்தால் 840 திர்ஹம் மிச்சம், அப்படியும் இரண்டாவது பள்ளியே 920 குறைவாக இருந்தது.

கடைசியாக மாப்பிள்ளையின் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தோம். கம்பெனி பள்ளிக் கட்டணம் தரும் என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் டியூஷன் ஃபீஸ் என்று மட்டுமே இருந்தது. அப்படியானால் டியூஷன் கூடுதலாகவும் பஸ் குறைவாகவும் உள்ள பள்ளிதான் அவர்களுக்கு இரட்டிப்பு லாபம்: முதல் பள்ளியில் கையிலிருந்து 6,930 போகும், இரண்டாவதில் 4,250. அன்று ராத்திரியே மாப்பிள்ளை எச்.ஆர்.-க்கு மெயில் போட்டு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று உச்ச வரம்பை எழுத்தில் வாங்கிக்கொண்டார். பதில் வந்த பிறகுதான் இரண்டாவது பள்ளிக்கு விண்ணப்பம் போனது.