யுபிஐ ரசீதை வைத்து இன்புட் எடுக்க முடியாது: தொழில் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் அச்சகம் நடத்தும் ஒருவர் தொழிலுக்காக உள்ளூர்க் கடையில் லேப்டாப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 40,000 ரூபாய். மத்திய ஜிஎஸ்டி 3,600, மாநில ஜிஎஸ்டி 3,600 சேர்த்து 47,200. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்பியதும் போனில் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று வந்துவிடும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், அந்த 7,200 ரூபாயை இன்புட்டாக எடுத்துத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கையில் இருப்பது அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால் அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

காரணம் எளிது. யாருடைய கணக்கிலிருந்து யாருடைய கணக்குக்கு, எப்போது, எவ்வளவு போனது என்பதையும், 12 இலக்க UTR எண்ணையும்தான் யுபிஐ ரசீது சொல்லும். வாங்கியது லேப்டாப்பா, பழைய கடனைத் திருப்பிக் கொடுத்ததா என்று அதற்குத் தெரியாது. அந்தத் தொகைக்குள் வரி இருக்கிறதா என்றும் தெரியாது. பணம் பெற்றவர் பெயராகக் கடையின் பெயருக்குப் பதில் உரிமையாளரின் சொந்தப் பெயர் வருவதும் சகஜம்.

வரி பில் வேறு ஆவணம். விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி, பொருளின் விவரம், பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி விகிதம், தனித்தனியாக வரித்தொகை, கையெழுத்து அல்லது டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்புட் எடுப்பவருக்கு இவற்றோடு இன்னொன்றும் அவசியம். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் இருந்தாக வேண்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பணம் கட்டி, பில்லும் அடித்த பிறகு, “அண்ணே, என் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுக் கொடுங்க” என்பார்கள். எண் இல்லாமல் அடித்த பில், கடைக்காரர் தம் விற்பனையைக் காட்டும் GSTR-1 ரிட்டர்னில் சாதாரண வாடிக்கையாளர் விற்பனையாக, அதாவது பி2சி-யாக, மொத்தத் தொகையோடு கலந்துவிடும். அதே மாதத்தில், அவர் ரிட்டர்ன் போடுவதற்குள் கேட்டால் பில்லை ரத்து செய்துவிட்டு வேறு பில் தரலாம். ரிட்டர்ன் போய்விட்டால் பி2சி-யில் குறைத்து, பதிவு பெற்றவர்களுக்கான விற்பனையான பி2பி-யில் உங்கள் எண்ணோடு சேர்த்து, அடுத்த ரிட்டர்னில் திருத்த வேண்டும். செய்யக் கூடியதுதான் என்றாலும், பல கடைகள் தலைவலி என்று தட்டிக்கழித்துவிடும். எனவே ஸ்கேன் செய்வதற்கு முன்பே எண்ணைச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் 15 எழுத்தில் ஒன்று பிசகலாம் என்பதால், எழுதியோ மெசேஜிலோ கொடுப்பது நல்லது.

அடுத்தது எஸ்டிமேட் சீட்டு. ‘எஸ்டிமேட்’, ‘கொட்டேஷன்’, ‘ப்ரோஃபார்மா’, ‘டெலிவரி சலான்’ என்று தலைப்பிட்டவை எதுவும் வரி பில் அல்ல. அதில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் பயனில்லை. ‘பில் ஆஃப் சப்ளை’ என்று தந்தால் வரிவிலக்குள்ள பொருளாக இருக்க வேண்டும், அல்லது கடைக்காரர் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்க வேண்டும். காம்போசிஷன்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவரிடம் வாங்கினால் இன்புட் கிடையாது. விலை குறைவு என்று போகிறவர்கள் இதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 47,200-க்கு முறையான வரி பில் தரும் கடையில் உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு 40,000. எஸ்டிமேட்டில் 44,000-க்குத் தருபவரிடம் ஆவது முழு 44,000.

சந்தேகம் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer பகுதியில் கடைக்காரரின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, வழக்கமான வகையா காம்போசிஷனா என்பது அங்கேயே தெரியும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-ல் தொடங்கும்.

சரியான பில் கைக்கு வந்த பிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. கடைக்காரர் அந்த பில்லைத் தம் GSTR-1-இல் காட்டி, அது உங்களுக்குக் கிடைக்கும் இன்புட்டைப் பட்டியலிடும் உங்கள் GSTR-2B-யில் வந்திருக்க வேண்டும். உதாரணமாக 2025 ஜூலை 14-இல் வாங்கிய லேப்டாப்பை, மாதாந்திர ரிட்டர்ன் போடும் கடை ஆகஸ்ட் 11-க்குள் காட்டினால், ஆகஸ்ட் 14 வாக்கில் உங்கள் 2B-யில் தெரியும். வரவில்லையா? அன்றே கடைக்குப் போன் செய்யுங்கள். இந்த பில்லுக்கான இன்புட்டை எடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் கெடுவும் அன்றோடு முடிந்துவிடும். எடுத்த பிறகு கணக்கில் லேப்டாப்பின் விலையை 40,000 என்றே எழுத வேண்டும். 47,200 என்று எழுதி வரிக்கும் சேர்த்துத் தேய்மானம் காட்டினால், அந்த வரிக்கு இன்புட் கிடையாது.

அப்படியானால் யுபிஐ ரசீது தேவையே இல்லையா என்றால், தேவைதான். பில் வாங்கியதைச் சொல்கிறது, ரசீது பணம் கொடுத்ததைச் சொல்கிறது. கடனுக்கு வாங்கினால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணத்தைக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும். கட்டியது எப்போது என்பதைக் காட்டுவது இந்த ரசீதுதான். வருமான வரியிலும் பயன் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவு, சில விலக்குகள் தவிர, கழிவுக்கு ஏற்கப்படாது. யுபிஐ-யில் கொடுத்ததை நிரூபித்தால் அந்தச் சிக்கல் எழாது.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதை எவரும் திருத்த முடியும். வங்கியிலிருந்து இறக்கும் பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டே உறுதியான சான்று. பில்லின் ஓரத்தில் UTR எண்ணை எழுதிவையுங்கள். 20,000, 27,200 என்று இரண்டு தவணையாகக் கட்டினால் இரண்டு எண்ணையும் எழுதுங்கள், ஏனெனில் ஸ்டேட்மென்ட்டில் 47,200 என்ற தொகையே இருக்காது. சொந்தக் கணக்கிலிருந்து கட்டினால் தொழில் கணக்கில் உரிமையாளர் போட்ட பணம் என்று அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் யுபிஐ-யில் வந்ததோடு விட்டுவிடாதீர்கள். கடைக்காரரிடம் கிரெடிட் நோட் வாங்கி, எடுத்த இன்புட்டைத் திருப்புங்கள். அவர் கிரெடிட் நோட்டைக் காட்டியிருந்து நீங்கள் திருப்பாமல் இருந்தால், 2B ஒரு கணக்கும் உங்கள் ரிட்டர்ன் இன்னொரு கணக்கும் சொல்லும்.

வாரண்டிக்கும் இதே பில்தான் வேண்டும். லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் பில்லில் அடிக்கச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

தெர்மல் தாளில் அடித்த பில் மேசை இழுப்பறையில் கிடந்தால்கூட எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து, பில், UTR உள்ள ரசீது, அந்த மாத வங்கி ஸ்டேட்மென்ட், 2B நகல் நான்கையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் இவற்றை வைத்திருக்க வேண்டும். இந்த லேப்டாப் விஷயத்தில் அந்தக் கெடு 2026 டிசம்பர் 31, ஆகவே 2032 டிசம்பர் 31 வரை ஃபோல்டரை அழிக்கக் கூடாது. வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரையிலும் வைத்திருக்க வேண்டும்.