கூட்டலில் விழாத மூன்று எண்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் ஆண்டு முடிவுக் கணக்கு. எக்செல் பட்டியலில் கடனாளிகள் பாக்கி 46,49,850 ரூபாய், பேரேட்டில் 48,36,250. ஆலைக்காரர், "சார், பேரேடுதான் தப்பாக இருக்கும்" என்றார். நான் ஒப்பவில்லை.

SUM சூத்திரத்தின் எல்லை சரியாகவே இருந்தது. அதனால் எண்ணிக்கையைப் பார்த்தேன்:

```
=COUNTA(C2:C215)
=COUNT(C2:C215)
```

காலியில்லாத செல்களை எண்ணும் முதலாவது 214, எண்களை மட்டும் எண்ணும் இரண்டாவது 211. மூன்று தொகைகள் எண்களே அல்ல, எழுத்துகள். SUM அவற்றைச் சத்தமின்றித் தாண்டிவிடும். எழுத்தாக இருந்தால் இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்திருக்கும். அழகுக்காக யாரோ பத்தி முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

பக்கத்துப் பத்தியில் ISNUMBER போட்டதும் மூன்றும் FALSE என்று அகப்பட்டன. கூட்டினால் 1,86,400, வித்தியாசம் அதேதான். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியபோது ஒவ்வொன்றின் கடைசியிலும் உடையாத வெற்றிடம் ஒன்று வந்திருந்தது. செல் வடிவத்தை எண்ணாக மாற்றினாலோ TRIM போட்டாலோ அது போகாது. CHAR(160) என்பது அந்த வெற்றிடம்தான். அதை நீக்கும் இதுதான் தீர்த்தது:

```
=VALUE(SUBSTITUTE(C2,CHAR(160),""))
```

இதைவிட என்னை வருத்தியது வேறு. கணக்குப்பிள்ளை ஒரு மாதம் முன்பே இதைத் திருத்தியிருந்தார், தம் கணினியில் இருந்த வேறொரு நகலில். அலுவலகத்துக்கு வந்தது பழைய நகல். இப்போது ஒரே கோப்பு. யார், எந்த நாளில், எந்தச் செல்லை மாற்றினார் என்று எழுத அதிலேயே தனித் தாள். மேலே ஒரு செல்லில் பட்டியலுக்கும் பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் நிற்கிறது. அது பூஜ்யமாகாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.