முகத்தை மாற்றிய பிறகு மெதுவாக்குங்கள்

சென்ற மாதம் ஒரு குறும்படக் காட்சி என்னிடம் வந்தது. வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே, பாலாற்று மணலில் எடுத்தது. நாயகன் கரையிலிருந்து மணலில் குதிக்கிறான். குதித்தவர் டூப். நடிகர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் கொடுத்திருந்தார். அவர் முகத்தை டூப்பின் முகத்தில் பொருத்த வேண்டும். நொடிக்கு 25 பிரேம் வீதம் எடுத்த 2 நொடிக் காட்சி. எடிட்டிங் பார்த்த தம்பி அதை ஆப்டிகல் ஃப்ளோவில் 25 சதவீத வேகத்துக்கு இழுத்து, 8 நொடியாக ரெண்டர் செய்து அனுப்பியிருந்தார். முகத்தை மாற்றும் முன்பே மெதுவாக்கிவிடுவது: பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

கேமரா பார்த்தது 50 பிரேம்தான். 8 நொடிக்கு 200 வேண்டும். மீதி 150-ஐயும் மென்பொருள் இட்டுக்கட்டுகிறது: பக்கத்துப் பக்கத்து இரண்டு பிரேம்களைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறது. நெற்றியில் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். தாடை ஓரத்திலும் மூடித் திறக்கும் இமையிலும் பிசகும். ஒரு பிரேமில் கண் திறந்திருந்து அடுத்ததில் மூடியிருந்தால், நடுவில் வருவது இரண்டும் கலந்த ஒரு கண். முகத்தின் புள்ளிகளைப் பிரேம் பிரேமாகப் பின்தொடரும் டிராக்கருக்கு அது பொய்க் கண் என்று தெரியாது. எங்காவது ஒரு புள்ளியை வைத்துவிடும். அதனால் ஒரு பிரேமில் கச்சிதமாக உட்கார்ந்த முகம் அடுத்த மூன்றில் அலைகிறது.

இந்த அலைச்சல் ஸ்லோ மோஷனில் ஏன் இவ்வளவு உறுத்துகிறது? இந்தக் காட்சியில் முகம் பிரேமுக்குச் சுமார் 12 பிக்சல் இறங்கியது. அந்த வேகத்தில் டிராக்கரின் 2 பிக்சல் நடுக்கம் கண்ணில் படாது. நான்கு மடங்கு மெதுவாக்கினால் நகர்வு 3 பிக்சலாகச் சுருங்கிவிடும். நடுக்கமோ அதே 2 பிக்சல். பார்ப்பவர் கண்ணுக்கு முகம் இறங்குவதைவிட அது உதறுவதுதான் பெரிதாகத் தெரியும்.

கேமரா ஃபைலைக் கேட்டு வாங்குவதுதான் சரியான வழி. அது கிடைக்காதபோது, மெதுவாக்கிய ஃபைலை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நான்குக்கு ஒன்று கூர்மையாகவும் இடையில் உள்ள மூன்றில் ஓரங்கள் குழைந்தும் இருந்தால், அந்தக் கூர்மையானவையே அசல். அவற்றை மட்டும் எடுக்கலாம்:

```
ffmpeg -i slow.mp4 -vf "select='eq(mod(n,4),0)'" -fps_mode vfr f_%04d.png
```

அசல் பிரேம் வேறு இடத்தில் தொடங்கினால் கடைசி 0-ஐ 1, 2 அல்லது 3 ஆக்குங்கள். வேகம் 50, 25 சதவீதம் என்று இருந்தால்தான் இது முழுதாகப் பலிக்கும். 50 சதவீதம் என்றால் mod-இல் உள்ள 4-ஐ 2 ஆக்குங்கள். 40 சதவீதத்தில் ஐந்துக்கு ஒன்றுதான் அசலாக விழும். அதிலும் கேமரா பிரேம்களில் பாதி காணாமல் போயிருக்கும்.

நான் அந்த 50 பிரேம்களில் மட்டும் முகத்தை மாற்றினேன். இங்கே இரண்டாவது தவறு காத்திருக்கிறது: சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மெதுவாக்கப் போய்விடுவது. ஒரு பிரேமில் கன்னம் கொஞ்சம் வெளுத்து அடுத்ததில் கருத்திருந்தால், மெதுவாக்கும்போது அந்த வித்தியாசம் நான்கு பிரேமுக்கு நீண்டு, முகம் மூச்சு வாங்குவதுபோல் வெளுத்துக் கருக்கும். ஆகவே ஒவ்வொரு பிரேமையும் நான்கு முறை அப்படியே திரும்ப வரவைத்து, இட்டுக்கட்டாமல் ஓட்டிப் பாருங்கள். உதறும் இடம் உடனே தெரியும். அந்தப் பிரேம்களில் கண், தாடைப் புள்ளிகளைக் கையால் திருத்தி, நிறத்தை முன்பின் பிரேம்களோடு சமன் செய்த பிறகே ஆப்டிகல் ஃப்ளோ. மாஸ்க் ஓரத்தை மழுக்கி ஒப்பேற்ற வேண்டாம். உதறல் போகாது, தாடை மட்டும் கரைந்துபோகும்.

இதிலும் தீராத இடம் ஒன்று உண்டு. குதிக்கும்போது டூப்பின் கை முகத்தைக் கடந்தது. எந்த வரிசையில் செய்தாலும் அங்கே விரலும் கன்னமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையைத் தனி அடுக்காக வெட்டியெடுத்து, முகத்தையும் கையையும் தனித்தனியே மெதுவாக்கிச் சேர்த்தேன். 6 பிரேமுக்கு ஒரு மாலை முழுதும் போனது.

நொடிக்கு 100, 120 பிரேமில் எடுத்தால் இட்டுக்கட்டும் தொல்லை இல்லை. ஆனால் மண்டபத்து டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது வேறு சிக்கல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். 120 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால், வெளிச்சம் நொடிக்குச் சுமார் நான்கு முறை ஏறி இறங்கும். முகத்தின் நிறத்தைப் பிரேம் பிரேமாகப் பொருத்தும் மென்பொருள் அதைத் துரத்திக்கொண்டே போகும். ஷட்டரை 1/100-இல் வைத்தால் சரியாகும். ஆனால் 120 பிரேமில் 1/120-க்கு மேல் ஷட்டர் திறந்திருக்க முடியாது. ஆகவே கேமராவில் 100 பிரேம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே 120-இல் எடுத்துவிட்டிருந்தால், முகத்தைத் தொடுவதற்கு முன்பே முழுக் காட்சிக்கும் ஃப்ளிக்கரை நீக்கிவிடுங்கள்.