நினைவிழந்தவனின் கதை: வாசகர் ஓரடி முன்னால் நடக்கும்படி எழுதுவது எப்படி?

யாங்கூனில் கதை எழுதப் பழகும் இளையவர்கள் என்னிடம் தரும் கையெழுத்துப் படிகளில் நினைவிழந்த நாயகன் அடிக்கடி வருவான். பெரும்பாலும் அந்தக் கதைகள் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. அவன் யாரென்று இரண்டாம் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். அவனுக்கோ பத்தாம் அத்தியாயம் வரை தெரியாது. இடைப்பட்ட எட்டு அத்தியாயங்களில் அவன்மேல் நமக்கு இருந்த பரிவு எரிச்சலாக மாறிவிடுகிறது. வாசகர் முன்னால் போகலாம், ஆனால் ஓரடிதான் போகலாம். அந்த இடைவெளியை அமைக்கும் முறையை ஒரு சிறுகதையை வைத்தே சொல்கிறேன்.

கதை நடக்கும் ஆண்டு 1946, இடம் பர்மாவின் புரோம் நகரில் ஒரு தமிழர் தேநீர்க் கடை. நான்கு ஆண்டுகளுக்கு முன் கோயில் வாசலில் மயங்கிக் கிடந்தவனைக் கடைக்காரர் எடுத்து வந்து, "சாமி" என்று பெயர் வைத்து, வேலையும் கொடுத்திருக்கிறார்.

முதல் படி: எது போயிற்று, எது போகவில்லை

தலையில் அடிபட்டுத் தன் பெயரையே மறப்பது மிக அரிது. அப்படி அடிபட்டவர்களுக்குப் பொதுவாக விபத்தை ஒட்டிய காலம்தான் அழியும். பழைய நினைவுகள் தங்கும். பெயரும் வாழ்வும் மொத்தமாக மறைவது பெரும்பாலும் தாங்க முடியாத மன அதிர்ச்சியால். அதிலும் பலருக்குச் சில நாட்களில் அல்லது மாதங்களில் நினைவு திரும்பிவிடும். நான்கு ஆண்டு நீள வேண்டுமென்றால் கதைக்குள் காரணம் வேண்டும். சாமியின் பழைய வாழ்வைத் தொட்ட ஆளோ பொருளோ அந்த ஊரில் இல்லை என்பது என் காரணம். இன்னொரு அடி விழுந்ததும் எல்லாம் திரும்பி வருவதாக மட்டும் எழுதாதீர்கள். அது நடப்பதில்லை.

மொழி போகாது, கைப்பழக்கமும் போகாது. 1953இல் மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனை இழந்த ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்கு, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார்கள். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதன்முறை செய்வதாகவே அவர் எண்ணினார். நம் வேலைக்கு இது பெரிய உதவி. நாயகன் அறியாததை அவன் கை அறியும். கையை வாசகர் பார்க்கிறார்.

இரண்டாம் படி: உண்மையை முதலில் எழுதி முடியுங்கள்

மறந்த வாழ்வைக் கால வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சாமி ரங்கூனில் அச்சுக் கோப்பவன். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு, மலை கடந்து அரக்கானுக்குப் போகும் வழியைத் தேடிப் புரோம் வந்தான். அகதிகளிடையே காலரா பரவிய காலம் அது. அவனும் நோயில் விழுந்தான். அவனை விட்டுவிட்டு அவர்கள் நடந்தார்கள். இந்தப் பக்கம் கதையில் வராது, மேசையில் உங்கள் கண்முன்னே இருக்கும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு இடங்கள்

ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் வாசகர் ஊகிக்கும் காட்சி எண், மற்றதில் அவன் அறியும் காட்சி எண். இடையில் ஒன்று அல்லது இரண்டு காட்சிகளுக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டாம் காட்சியில் வடை மடித்த பழைய செய்தித்தாள் எண்ணெயில் ஊறி, மறுபக்கத்து எழுத்து திரும்பித் தெரிகிறது. சாமி அதைத் தடங்கலின்றிப் படித்துக்காட்டுகிறான். அச்சுக் கோக்கும் ஈய எழுத்துகள் இடவலம் மாறித்தான் இருக்கும் என்பதை அறிந்த வாசகருக்கு அதுவே போதும். அறியாதவருக்கும் ஏதோ ஒன்று உறுத்தும். நான்காம் காட்சியில் ஓர் அச்சகத்தின் வாசலில் மையின் வாடை பட்டதும் அவன் நின்றுவிடுகிறான்.

நான்காம் படி: தவறாகப் புரிந்துகொள்ள நல்ல காரணம் கொடுங்கள்

மற்ற படிகளில் குறை இருந்தாலும் கதை பிழைத்துக்கொள்ளும், இதில் பிழைக்காது. தடயம் கண்முன் கிடக்கும்போது நாயகன் அதைப் பார்க்காமல் விட்டால் அவன் மூடனாகிவிடுவான். அவன் பார்க்க வேண்டும், தவறாகப் பொருள்கொள்ள வேண்டும், அந்தத் தவறு நியாயமாகவும் இருக்க வேண்டும். இதற்குத் தமிழ் நமக்கு ஓர் அரிய கருவியைத் தந்திருக்கிறது. கேட்பவரை விலக்குவது "எங்கள்", சேர்த்துக்கொள்வது "நம்".

ஐந்தாம் காட்சியில் ஒரு பெண் கடைக்கு வருகிறாள். சாமி தேநீர் வைக்கிறான்.

"எந்த ஊர் அம்மா?"

"ரங்கூன். ஆற்றோரம் எங்கள் வீடு இருந்தது."

"இப்போது?"

அவள் கோப்பையைப் பார்த்தபடி சொல்கிறாள்: "சுவர்கூட இல்லை. நம் கொல்லை முருங்கை மட்டும் நிற்கிறது."

அவ்வளவுதான். வாசகர் அவளைத் தங்கையென்று ஊகித்துவிடுவார். சாமியின் காதிலும் அந்தச் சொல் விழுகிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "நம்ம கடை", "நம்ம ஊர்" என்றுதான் பேசுகிறார்கள். அன்பாகப் பேசுகிற பெண் என்று எண்ணி அவளுக்கு இன்னொரு வடை வைக்கிறான். அந்த வடையில்தான் வாசகரின் மனம் கலங்கும்.

இங்கே செய்யக்கூடாதவை இரண்டு. "நம்" என்பதை அவள் அழுத்திச் சொன்னதாக எழுதாதீர்கள். அவள் கண்ணில் நீர் வந்ததாகவும் எழுதாதீர்கள். ஒன்றைச் சேர்த்தாலும் சாமியின் தவறு நியாயம் இழந்துவிடும். நான் முதலில் கண்ணீரை வைத்துத்தான் எழுதினேன். படித்த தோழி, "இவனுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டார். வரியை அடித்துவிட்டேன்.

ஐந்தாம் படி: தெரிந்தவர் ஏன் பேசவில்லை

தங்கை உடனே "அண்ணா" என்று கூப்பிட்டிருக்கலாமே? அதற்கு விடை இல்லாவிட்டால் கதை நிற்காது. அவனை உயிரோடு விட்டுப்போனவள் அவள். அவன் தன்னை மறந்திருப்பது அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகவும் இருக்கிறது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டுத்தான் அவள் மறுநாளும் வருகிறாள்.

ஆறாம் படி: அவன் நம்மைத் தாண்டட்டும்

ஏழாம் காட்சியில் அவனுக்கு அவள் யாரென்று தெரிகிறது. நமக்கு முன்பே தெரிந்ததையே அவன் கண்டுபிடித்து, அதோடு கதை முடிந்தால் சப்பென்று போகும். ஆள் யாரென்பதில் வாசகர் முந்தட்டும். நடந்தது என்ன என்பதில் நாயகன் முந்த வேண்டும். தங்கை மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போது சாமிக்கு நினைவு வருகிறது: அவர்கள் தாமாக விட்டுப்போகவில்லை. தாயைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லி, போகாவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன் அவன்தான். நாம் ஐந்தாம் காட்சியிலிருந்து சுமந்த ஊகம் பாதி சரி, பாதி தவறு.

எழுதியபின் சோதனை

கதை தெரியாத இருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் "இவன் யார், அவள் யார்?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் காட்சிக்கு முன்பே "தங்கை" என்று வந்தால் தடயம் தடித்துவிட்டது. ஆறிலும் வராவிட்டால் மெலிந்துவிட்டது. என் கையெழுத்துப் படியில் ஒருவர் ஐந்தில் "மனைவி" என்று எழுதியிருந்தார். "எங்கள் வீடு" என்பதை "எங்கள் அப்பா வீடு" என்று மாற்றினேன். அடுத்துப் படித்தவர் அதே ஓரத்தில் "தங்கை" என்று எழுதினார்.