சட்டையின் நிறத்தை மாற்றுங்கள், தோலின் நிறம் அசைய வேண்டாம்

நிச்சயதார்த்தத்தில் எடுத்த படம். மாப்பிள்ளை நல்ல அடர் மாநிறம், போட்டிருந்ததோ சந்தன நிறச் சட்டை. இரண்டும் ஒரே சாயலில் கலந்துபோய் முகம் எடுபடவே இல்லை. வேறு நிறச் சட்டை போட்டுப் பார்க்க முடியுமா என்று அவரே கேட்டார். செய்து முடித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். ஃபோட்டோஷாப்பில் லேயர், மாஸ்க் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒயிட் பேலன்ஸை முடித்துவிடுங்கள், இதற்கு அப்புறம் அதைத் தொடவே கூடாது. அடுத்து Color Sampler Tool எடுத்து, Sample Size-ஐ 5 by 5 Average ஆக்கி, நெற்றி, கன்னம், கழுத்து மூன்றிலும் பளபளப்பு விழாத இடமாகப் பார்த்து ஒரு புள்ளி வையுங்கள். Point Sample-இல் விட்டால் ஒரே ஒரு பிக்சலைத்தான் அளக்கும், தோலின் நுண்துளையில் விழுந்தால் எண் எகிறும். இந்தப் படத்தில் கன்னம் 141, 96, 70. இந்த எண்கள்தான் கடைசிவரை நமக்குச் சாட்சி, குறித்து வையுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது அடுத்த இடத்தில்தான். Hue/Saturation திறந்து, Yellows தேர்ந்தெடுத்து இழுத்தால் சட்டை மட்டும் மாறும் என்று நினைப்போம். கன்னத்தின் நிறக் கோணம் ஏறக்குறைய 22 டிகிரி, சட்டை (214, 186, 140) 37 டிகிரி. ஃபோட்டோஷாப்பில் Reds, Yellows இரண்டின் ஓரங்களும் 15 முதல் 45 வரை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, தோலும் சட்டையும் அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் எதை இழுத்தாலும் முகமும் சேர்ந்து நகரும். நிறத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், இடத்தை வைத்துப் பிரியுங்கள்: சட்டையை மட்டும் Select செய்து, ஒரு குரூப்புக்கு மாஸ்க்காகப் போடுங்கள். காலர் கழுத்தைத் தொடும் கோட்டை மட்டும் 200% பெரிதாக்கி, கையாலேயே பிரஷ்ஷில் திருத்துங்கள். தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவிகளை நான் அந்த ஒரு கோட்டுக்கு நம்புவதில்லை.

சரி, எந்த நிறம்? 22 டிகிரிக்கு நேர் எதிரே 202. மயில் கழுத்து நிறம் (0, 95, 115) 190 பக்கம் வருகிறது, கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். எதிர் நிறம் பக்கத்தில் வந்தால் தோலின் செம்பழுப்பு இன்னும் உயிராகத் தெரியும். பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரல் 1839-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்: பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கண்ணில் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும். அரக்கும் இவருக்கு எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சிவப்பின் பக்கத்தில் முகம் சற்று மஞ்சளாகத் தெரியும். நான் மயில் கழுத்தையே எடுத்தேன்.

குரூப்புக்குள் கீழே ஒரு Curves, மேலே Solid Color. மேலுள்ளதை Color மோடுக்கு மாற்றுங்கள். Color மோடு வெளிச்சத்தைத் தொடாது, அதனால் வெளிர் சட்டை வெளிர் நீலமாகத்தான் நிற்கும். Curves-இல் வலது மேல் முனையை Output 95 வரை இறக்கினால் அடர்த்தி வந்துவிடும், மடிப்புகளின் நிழலும் அதே விகிதத்தில் நிற்கும். பருத்திக்கு இது போதும். பட்டுச் சட்டையானால் மினுமினுப்பு செத்துவிடும், முனையைக் கொஞ்சமாக இறக்குங்கள்.

இப்போது பாருங்கள், முகம் சிவந்துவிட்டது போலத் தோன்றும். Info பேனலில் கன்னம் இன்னும் 141, 96, 70 என்றால் தோல் நகரவில்லை, செவ்ரல் சொன்னதுதான் நடக்கிறது. அதைக் ‘குறைக்கிறேன்’ என்று முகத்தில் கை வைக்காதீர்கள். ‘அப்படியே கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க’ என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அது அவருடைய நிறம், அதற்குப் பொருந்துகிற சட்டையைத்தான் நாம் தேடினோம்.

கடைசிச் சோதனை: மூலப் படத்தின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து Difference ஆக்குங்கள். முகம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு Levels போட்டு வெள்ளை முனையை 20-க்கு இழுத்தால் சின்னக் கசிவும் பளிச்சென்று தெரியும். இந்தப் படத்தில் காலர் ஓரம் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது, மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் அழித்தேன். சோதனை முடிந்ததும் இந்த இரண்டு லேயரையும் அணைத்துவிடுங்கள்.

தாடைக்குக் கீழே பழைய சட்டை எதிரொளித்த வெளிச்சம் மிஞ்சியிருக்கும். சந்தன நிறமானால் விட்டுவிடுங்கள், கண்ணை உறுத்தாது. பழைய சட்டை ஒளிரும் ரோஸ் மாதிரி ஏதாவது என்றால் தாடையடியில் அந்தச் சாயம் அப்பட்டமாகத் தெரியும், அந்தப் படத்துக்கு இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

பின்சேர்க்கை: சட்டை பெயிண்ட் அடித்தது போலத் தட்டையாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். குரூப்பின் மோடு Normal ஆக மாறியிருக்கும், Pass Through-க்குத் திருப்புங்கள். சேமித்த ஜேபெக்கைத் திறந்தால் தோலின் எண்கள் வேறாக இருக்கின்றன என்று இன்னொருவர் எழுதினார். அவர் வேலை செய்தது Adobe RGB-இல், சேமித்தது sRGB-இல். எண் மாறும், நிறம் மாறாது. குழப்பமே வேண்டாம் என்றால், புள்ளிகள் வைப்பதற்கு முன்பே Convert to Profile போய் sRGB ஆக்கிக்கொள்ளுங்கள்.